அப்பாவின் கால் புண்: அத்தைக்கு எழுதிய கடிதமும் வந்த பதில்களும்

பெற்றோரை வெளிநாட்டுக்கு அழைத்து வந்திருப்பவர்களுக்கு உதவும் என்று, செவிலியரான என் அத்தைக்கு எழுதியதை அப்படியே இடுகிறேன்.

அன்புள்ள அத்தை,

தொலைபேசியில் கேட்டால் அப்பா "ஒன்றுமில்லை" என்று முடித்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

இடது காலின் உட்பக்கம், கணுக்கால் எலும்புக்கு நான்கு விரல் மேலே புண். ஏழு வாரத்துக்கு முன் கட்டில் முனையில் இடித்துக்கொண்ட வெறும் சிராய்ப்பு, ஆறாமல் அகன்றுகொண்டே போகிறது. நேற்று அளந்தேன்: நீளம் 4 செ.மீ., அகலம் 2.5 செ.மீ. ஆழம் இல்லை, ஓரம் கோணல்மாணலாக இருக்கிறது. நடுவில் சிவப்பு, ஒரு பக்கம் மஞ்சள் படலம். காலையில் வைக்கும் காஸ் துணி மாலைக்குள் நனைந்து ஒட்டிக்கொள்கிறது. பிரிக்கும்போது அப்பா பல்லைக் கடித்துக்கொள்கிறார். சுற்றிலும் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. மாலையில் வீங்கும் காலை அழுத்தினால் குழி விழுகிறது, காலையில் வீக்கம் வடிந்துவிடுகிறது. நாற்றமும் காய்ச்சலும் இல்லை.

சர்க்கரை ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். தூக்கமும் நாற்காலியில்தான்.

காற்றாட விட்டால் காய்ந்துவிடும் என்கிறார் அப்பா. என் கணவரோ இறுக்கிக் கட்டு போட வேண்டும் என்று க்ரேப் பேண்டேஜ் வாங்கி வைத்திருக்கிறார். நண்பரின் தாயாருக்கு அப்படித்தான் ஆறியதாம். கட்டட்டுமா?

அத்தையின் பதில்

கண்ணம்மா, இன்றைக்குக் கட்டாதே. மாப்பிள்ளை சொல்வது பாதி சரி. நீ எழுதிய இடம், கறுத்த தோல், மாலை வீக்கம், வடியும் நீர் எல்லாம் ரத்தத்தை மேலே அனுப்பும் சிரைகளின் வால்வு தளர்ந்ததைத்தான் காட்டுகின்றன. ரத்தம் கீழே தேங்கி நிற்கும்வரை எந்தக் களிம்பு போட்டாலும் ஆறாது. விரல் அடியிலிருந்து முழங்கால்வரை போடும் அழுத்தக் கட்டுதான் வைத்தியம்.

ஆனால் அண்ணனுக்குச் சர்க்கரை. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும் அடைத்திருந்தால், இறுக்கிய கட்டு வரும் கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும், விரல்கள் செத்துப்போகும். முதலில் ரத்த ஓட்டத்தை ஒலியால் காட்டும் டாப்ளர் கருவியால் கணுக்கால் அழுத்தத்தையும் கை அழுத்தத்தையும் அளக்கச் சொல். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்தால் 0.8 முதல் 1.3 வரை வர வேண்டும். 0.5-க்குக் கீழே என்றால் அழுத்தக் கட்டே கூடாது, உடனே ரத்தநாள மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரைக்காரருக்குத் தமனி சுவர் கெட்டிப்பட்டு எண் பொய்யாக உயரும், அதனால் கால்விரல் அழுத்தத்தையும் பார்க்கச் சொல். இரவில் கால் வலித்து, தொங்கப் போட்டால் குறைகிறதா என்று அவரிடம் கேள். நாற்காலித் தூக்கத்துக்குக் காரணம் அதுவாக இருந்தால் எனக்கு உடனே சொல்.

காயவிடுவதும் தவறு. வறண்ட புண்மேல் புதுத் தோல் ஊர்ந்து வர முடியாது. ஒட்டாத வலைத் துணியை முதலில் வைத்து, மேலே உறிஞ்சும் பஞ்சுப் பட்டை வை. கழுவச் சுத்தமான குழாய்த் தண்ணீர் போதும். சூடு பரவினாலோ, வலி திடீரென ஏறினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போ. நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது, புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்.

ஒரு வாசகர்

என் மாமனாருக்கும் இதேதான். பாதத்தின் அடியில் புண், காலணியை மாற்றியதும் ஆறியது. முதலில் காலணியைப் பாருங்கள்.

இன்னொருவர்

அது உணர்ச்சி மரத்த பாதத்தில் அழுத்தம் விழுந்து வரும் புண். இது வேறு. ஆனால் ஏழு வாரம் ஆகியும் ஆன்டிபயாடிக் தரவில்லையா?

அத்தை

கிருமித்தொற்றின் அடையாளம் இல்லாமல் மாத்திரை கொடுப்பதால் மட்டும் புண் சீக்கிரமாக ஆறிவிடாது. மஞ்சள் படலம் மட்டும் சீழ் ஆகாது.

ஐந்து வாரம் கழித்து, நான்

மருந்துகளின் வணிகப் பெயர் இங்கே புரியவில்லை, மூலப்பெயர்களை எழுதிக் கொண்டுபோனது உதவியது. கை 140, கணுக்கால் 126, ஆக 0.9. கால்விரல் அழுத்தமும் நன்றாக இருந்ததால் செவிலியர் கட்டு போட்டார், வாரம் ஒருமுறை மாற்றுகிறார். விரல் நீலமானாலோ மரத்தாலோ உடனே கழற்றிவிட்டு அழைக்கச் சொன்னார். ஒரே வெளிச்சத்தில், அளவுகோல் பக்கத்தில் வைத்து வாராவாரம் படம் எடுக்கிறேன். கட்டு போட்ட நான்கு வாரத்தில் 4-க்கு 2.5 இருந்தது 3-க்கு 2 ஆகியிருக்கிறது. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் 10 இருந்தது 6.

இரவு வலி இல்லையாம். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்பதால்தான் நாற்காலி என்று இப்போதுதான் ஒப்புக்கொண்டார். அத்தை அதைக் கேட்டதும் கட்டை விட்டுவிட்டு இதயத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். மருத்துவர் நாளைக் காலை பார்க்கிறேன் என்றிருக்கிறார். வீக்கத்துக்கு அம்லோடிபினும் காரணமா என்பதையும் அப்போதுதான் கேட்க வேண்டும்.