நெஞ்சை நினைத்துத் தள்ளினால் 70 கிலோ ஏற மாட்டேன் என்கிறது, ஏன்?

மன்னை ராத்திரி ஜிம்
வயது 26, மன்னார்குடி. ஒன்றரை வருடமாக ஜிம் போகிறேன். பெஞ்ச் பிரஸ்ஸில் 70 கிலோ ஐந்து ரெப் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் புது மாஸ்டர் வந்தார். "பாரை மறந்துடு, நெஞ்சு சுருங்குறது மட்டும்தான் உனக்குத் தெரியணும்" என்று சொல்லி, நான் தள்ளத் தள்ள விரலால் நெஞ்சில் தட்டிக்கொண்டே இருப்பார். 40 கிலோவில் அப்படிச் செய்தால் அருமையாக இருக்கிறது, 15 ரெப் முடித்தால் சட்டை பட்டன் தெறிக்கிற மாதிரி பம்ப். ஆனால் 70 போட்டால் மூன்றாவது ரெப்பிலேயே பார் பாதியில் நின்று ஆடுகிறது. சாப்பாடு, தூக்கம் எதுவும் மாறவில்லை. பலம் போய்விட்டதா, இல்லை வெறும் நினைப்புதான் இரண்டு ரெப்பைத் தின்கிறதா?

பாபநாசம் பரணி
கவனம் சிதறினால் எதுவும் ஏறாது தம்பி. செட்டுக்கு நடுவில் போனை எடுக்காதே. எங்கள் ஜிம்மில் பாதிப் பேர் ரீல்ஸ் பார்த்துவிட்டு வந்துதான் பெஞ்சில் படுக்கிறார்கள்.

மன்னை ராத்திரி ஜிம்
அண்ணே, சிதறல் இல்லை. கவனம் அதிகமாகி வந்த பிரச்சினை இது.

தஞ்சை பைசெப்ஸ்
மாஸ்டர் சொன்னது சரி. தசையை நினைத்தால்தான் தசை வளரும், எத்தனை கிலோ என்பதெல்லாம் வேடிக்கை பார்க்கிறவனுக்கு. 70-ஐ விட்டுவிடு, 40-இலேயே நெஞ்சைப் பிழி. ஆராய்ச்சியே இருக்கிறது.

வெண்ணாற்றங்கரை
இருக்கிறது, ஆனால் அது முழுசாக உங்கள் பக்கம் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மன்னை தம்பி, முதலில் ஒரு கேள்வி. 70 தள்ளும்போது பக்கவாட்டிலிருந்து யாராவது வீடியோ எடுத்திருக்கிறார்களா? முழங்கைகள் தோளுக்கு நேராக விரிகின்றனவா, பார் நெஞ்சில் எந்த இடத்தில் தொடுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மன்னை ராத்திரி ஜிம்
நேற்று எடுத்தேன். முன்பெல்லாம் முலைக்காம்புக்குச் சற்றுக் கீழே தொடும். இப்போது அதற்கு நாலு விரல்கடை மேலே, கழுத்தெலும்பை நோக்கிப் போகிறது. முழங்கை நீங்கள் சொன்ன மாதிரியே விரிந்து கிடக்கிறது. யாரும் விரிக்கச் சொல்லவில்லை!

வெண்ணாற்றங்கரை
யாரும் சொல்ல வேண்டியதில்லை, உடம்பே செய்துகொள்ளும். நெஞ்சு இழுபடுவது தெரிய வேண்டும் என்று தேடினால் முழங்கை தானாக விரியும், ஏனென்றால் அந்த நிலையில்தான் இழுப்பு நன்றாக உறைக்கும். விரிந்தால் பார் தோள் மூட்டுக்கு மேலே கழுத்துப் பக்கம் போகிறது, நீங்கள் பழகி வைத்திருந்த பாதை கெட்டுப்போகிறது. பெஞ்ச் பிரஸ் என்பது நெஞ்சு, முன்தோள், ட்ரைசெப்ஸ் மூன்றும் சேர்ந்து இழுக்கிற தேர். ஒருவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டே இழுத்தால் மற்ற இருவரோடு தாளம் தப்பும்.

இன்னொன்றும் நடக்கிறது. ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கப் போனால் அக்கம்பக்கத்துத் தசைகளும், எதிர்ப்பக்கத் தசையும்கூட விறைத்துக்கொள்ளும். பார் பாதியில் நின்று ஆடுகிறதே, அது பெரும்பாலும் இந்த விறைப்புதான். பழகிய அசைவைத் தானாக நடக்க விடாமல் நடுவில் புகுந்து ஓட்டப் பார்க்கிறோம் என்பது கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளரின் விளக்கம். 1998-இல் பனிச்சறுக்குப் பயிற்சி மேடையில் ஆட்களை ஏற்றி, சிலரைக் காலை நினைக்கச் சொன்னார்கள், சிலரைக் காலுக்குக் கீழே உள்ள சக்கரத்தை நினைக்கச் சொன்னார்கள். சக்கரத்தை நினைத்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கர்ல் அடிப்பவர்களை வைத்து 2004-இல் பார்த்தபோது, கையை நினைக்காமல் பாரை நினைத்தவர்களுக்கு அதே எடைக்குத் தசையில் மின்சாரம் குறைவாகவே ஓடியது. செலவு குறைவு, வேலை அதே.

இப்போது உங்கள் கணக்கு. 70 கிலோ ஐந்து ரெப் என்றால் ஒரே ஒரு ரெப்புக்கு உங்கள் உச்சம் சுமார் 80 கிலோ. 40 என்பது அதில் பாதி, 70 என்பது கிட்டத்தட்ட 87 சதவீதம். 2016-இல் பழகிய ஆட்களை வைத்து பெஞ்ச் பிரஸ்ஸிலேயே இதை அளந்தார்கள். உச்சத்தில் 60 சதவீதம் வரை நெஞ்சை நினைத்தால் நெஞ்சுத் தசை உண்மையிலேயே கூடுதலாக வேலை செய்தது. 80 சதவீதத்தில் அந்த வித்தியாசம் காணாமல் போனது. என் புரிதலில் காரணம் எளிது. பாதி எடையில் தசைகளிடம் மிச்சம் இருக்கிறது, மூளை வேலையை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாற்றிக் கொடுக்கலாம். 70-இல் எல்லோரும் ஏற்கெனவே கழனியில் இறங்கிவிட்டார்கள், நெஞ்சுக்கென்று கூப்பிட வரப்பில் ஆள் இல்லை. அங்கே நெஞ்சை நினைத்தால் கிடைப்பது விறைப்பு மட்டும்தான்.

தஞ்சை பைசெப்ஸ்
சரி, ஆனால் வளர்ச்சி? 2018 ஆய்வில் தசையை நினைத்தவர்களுக்குக் கை இரண்டு மடங்கு வளர்ந்ததே.

வெண்ணாற்றங்கரை
எட்டு வாரம். பைசெப்ஸ் பக்கம் 12.4 சதவீதம், மற்றவர்களுக்கு 6.9. அதனால்தான் உங்களைப் பாதி ஒப்புக்கொண்டேன். ஆனால் அதே ஆட்களுக்குத் தொடையில் இரண்டு முறைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, அதை யாரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை. தவிர அவர்கள் எடைப் பயிற்சியே பழகாத மாணவர்கள். ஒன்றரை வருடம் தள்ளிய ஆளுக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்ட முடியாது. மின்சாரம் கூடினால் தசை அவ்வளவு வளரும் என்றும் இல்லை.

தம்பி, இப்படிச் செய்து பாருங்கள். 40-இல் வார்ம் அப், ஃப்ளை மாதிரி லேசான வேலை எல்லாம் நெஞ்சை நினைத்தே செய்யுங்கள். 60 கிலோவைத் தாண்டியதும் நெஞ்சை மறந்துவிட்டு, படுத்தால் நேர் மேலே தெரிகிற ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாரை அதை நோக்கித் தள்ளுங்கள். ஒரு செட்டுக்கு ஒரே நினைப்பு, இரண்டு வேண்டாம். பின்னால் ஆள் நிற்கட்டும். தோள் முன்பக்கம் குத்தினால் 70 வேண்டாம்.

மூட்டை முருகு
நான் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டை ஏற்றுகிறவன். தெரிந்தவர் ஒருவர் வயிற்றை இறுக்கு, பின்பக்கத்தை இறுக்கு, அதையே நினைத்துக்கொண்டு நட, முதுகு வலி வராது என்றார். அப்படி நடந்ததில் லாரிப் பலகையில் கால் இடறிவிட்டது. முதுகு வலிக்கு எந்த தைலம் நல்லது?

வெண்ணாற்றங்கரை
அண்ணே, தைலம் கேள்விக்கு நான் சரிப்பட மாட்டேன், வலி காலுக்கு இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் பலகையில் இடறியது இதே கதைதான். இறுக்குவதைத் தரையில் சும்மா இருக்கும்போது பழகுங்கள். மூட்டை பிடரியில் ஏறிவிட்டால் பலகை முடிகிற இடத்தைப் பாருங்கள், முன்பு எப்படிப் போனீர்களோ அப்படி.

மன்னை ராத்திரி ஜிம்
பத்து நாள் ஆயிற்று. எங்கள் ஜிம் தகரக் கூரை, பெஞ்சுக்கு நேர் மேலே ஃபேன் தொங்குகிற கொக்கி. அதைக் குத்துவதாக நினைத்துத் தள்ளினேன். முதல் நாள் நாலு, இரண்டாவது நாளும் நாலு, நேற்று ஐந்து. ஐந்தாவது சிரமப்பட்டுத்தான் போனது, ஆனால் ஆடவில்லை. வீடியோவில் பார் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, முழங்கையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. மாஸ்டருக்குத்தான் முகம் சரியில்லை. ஒரு சந்தேகம், ஸ்குவாட்டில் "குதிகாலால் தரையை மிதி" என்கிறாரே, அது உடம்பை நினைப்பதா, வெளியே நினைப்பதா?

தஞ்சை பைசெப்ஸ்
குதிகால் உடம்பில்தானே இருக்கிறது.

வெண்ணாற்றங்கரை
தரை வெளியேதானே இருக்கிறது. இதில் எனக்கே இழுபறிதான். நான் பழக்குகிறவர்களிடம் குதிகால் என்ற சொல்லை எடுத்துவிட்டு "தரையைக் கீழே தள்ளு" என்பேன். சிலருக்கு அது உடனே பிடிக்கும், சிலர் முன்விரலில் ஏறிவிடுவார்கள், அப்போது குதிகாலை மறுபடி சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டையும் வீடியோ எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.