கணக்கு உதவியாளர் நேர்முகத் தேர்வு: வங்கி இணக்கக் கூற்றை எப்படி எளிதாகச் சொல்வது?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். வருகிற செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாண நகரில் ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. பேரேட்டுப் பதிவுகள் கைவசம். வங்கி இணக்கக் கூற்றை வாயால் விளக்கும்போதுதான் தடுமாறுகிறேன்.

நானே போட்டுப் பார்த்த கணக்கு இது. மாத முடிவில் காசேட்டு மீதி 84,500 ரூபாய், வங்கிக் கூற்றில் 92,000. நாங்கள் கொடுத்த 12,000 ரூபாய் காசோலையை வாங்கியவர் இன்னும் வங்கியில் போடவில்லை. கடைசி நாள் மாலை வைப்பிட்ட 4,000 ரூபாய் வங்கிக் கூற்றில் ஏறவில்லை. வங்கி கட்டணமாக 500 எடுத்திருக்கிறது, அது எங்கள் காசேட்டில் இல்லை.

கட்டணத்தைக் கழித்தால் காசேடு 84,000. வங்கிப் பக்கம் 12,000 கழித்து 4,000 கூட்டினாலும் அதே 84,000. சரி, விடை வருகிறது.

ஆனால் பேரேட்டில் கட்டணத்துக்கு மட்டும் ஏன் பதிவு என்று கேட்டால்? "காசோலையும் வைப்பும் எங்களுக்குத் தெரியும், வங்கிக்குத்தான் இன்னும் தெரியாது, கட்டணம் வங்கிக்குத் தெரியும், எங்கள் புத்தகத்துக்குத் தெரியாது" என்று சொல்ல நினைக்கிறேன். இது போதுமா?

இன்னொன்று. எங்கள் புத்தகத்தில் டெபிட்டாக இருக்கும் காசு வங்கிக் கூற்றில் கிரெடிட்டாக வருகிறது. வங்கிக்கு அது எங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் என்பதால்தான் என்று விளங்குகிறது. கணக்கு படிக்காத ஒருவருக்கு இதை எந்த உதாரணத்தோடு சொல்வீர்கள்? இந்த வேலையில் இருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.