தண்ணீர் வந்தால் கூவும் பெட்டி: காசு கொடுத்தவர்கள் யார்?

சத்துவாச்சாரி ரேடியோ மெக்கானிக்:
தெருவில் எதைப் பற்றி அதிகம் புலம்புகிறார்களோ அதற்கு ஒரு பொருள் செய்தால் விற்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் புலம்பலைப் பாதிதான் நம்புவேன். நோட்டின் இடப்பக்கம் தொல்லையை எழுதுவேன்; வலப்பக்கம், அந்தத் தொல்லைக்காகப் போன மாதம் என்ன செலவு செய்தார்கள் என்று எழுதுவேன். குரங்குத் தொல்லைக்கு இடப்பக்கம் போதவில்லை, வலப்பக்கம் காலி. கொசுவுக்குச் செலவு உண்டு, ஆனால் அதற்கு பேட்டும் சுருளும் ஏற்கெனவே கடையில் தொங்குகின்றன.

இரண்டு பக்கமும் நிரம்பியது குழாய்த் தண்ணீருக்கு மட்டுமே. எந்த நாள், எந்த நேரம் வரும் என்று தெரியாது. நடுநிசியில் வந்து, விடிவதற்குள் நின்றுவிடும். அதனால் சம்ப்பில் குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் வைக்க ஒரு பெட்டி செய்தேன். தண்ணீர் வந்தால் படுக்கையறையில் மணி அடிக்கும்.

காட்டிய வீடுகளில் எல்லாம் ‘அருமை’ என்றார்கள். முன்பணமாக 300 ரூபாய் கேட்டதும் ‘வைத்துப் பாருங்கள், அப்புறம் தருகிறோம்’ என்றார்கள். காரணம் போகப் போகத்தான் தெரிந்தது. ராத்திரி விழித்துக் குழாயைத் திறந்து பார்ப்பது பாட்டியோ மருமகளோ, பணப்பை வேறொருவரிடம். அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். அந்த வீட்டுக் கணக்கில் தூக்கத்துக்கு விலையே இல்லை.

மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தவர்கள், சிகிச்சைக்காக வெளிமாநிலத்திலிருந்து வேலூருக்கு வருபவர்களுக்கு அறை விடும் சிறிய லாட்ஜ்காரர்கள். ஒரு முறை தண்ணீரைத் தவறவிட்டால் மறுநாள் காலை லாரித் தண்ணீர் வாங்க வேண்டும். அதற்குக் கொடுத்த ரசீது அவர்கள் மேஜையிலேயே இருந்தது.

காட்பாடி மாணவன்:
அண்ணா, இதற்கு இவ்வளவு அலைய வேண்டுமா? கைப்பேசியில் ஒரு படிவம் அனுப்பி, ‘இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா’ என்று நூறு பேரிடம் கேட்டால் தெரிந்துவிடுமே. எங்கள் கல்லூரித் திட்டத்துக்கு அப்படித்தான் செய்தோம். பெரும்பாலும் ‘ஆம்’ என்றே வந்தது.

சத்துவாச்சாரி ரேடியோ மெக்கானிக்:
தம்பி, நிறையப் பேரைக் கேட்க வேண்டும் என்பது சரி. கேள்விதான் தப்பு. ‘வாங்குவீர்களா’ என்றால் முகத்துக்காக ‘ஆம்’ என்பார்கள். ‘கடைசியாகத் தண்ணீர் எப்போது தவறியது, அன்று என்ன செய்தீர்கள், எவ்வளவு ஆயிற்று’ என்று கேள். நேற்று நடந்ததைச் சொல்லும்போது பொய் குறையும். அந்த ‘ஆம்’ சொன்னவர்களில் யாராவது முன்பணம் தந்தார்களா?

தோட்டப்பாளையம் இல்லத்தரசி:
எங்கள் தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. யாரிடம் சொல்ல வேண்டும்? இந்தப் பெட்டியை வைத்தால் வருமா?

சத்துவாச்சாரி ரேடியோ மெக்கானிக்:
வராது அம்மா. வந்தால் சொல்லும், அவ்வளவுதான்.

மோட்டார் கடைக்காரர், வேலூர்:
முப்பது வருடமாக இந்த ஊர்த் தண்ணீரோடு மாரடிக்கிறேன். பெட்டியில் என்ன வைத்தீர்கள்? இரண்டு கம்பியை நனையவிட்டு மணி அடிக்கவைத்தால் இங்கே நிற்காது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு கம்பி அரித்துப்போகும், மற்றதில் வெள்ளையாக உப்புப் படியும். பிறகு தண்ணீர் வந்தாலும் வாய் திறக்காது. போதாததற்கு, கம்பிகளுக்கு நடுவே ஈரம் தங்கினால் தண்ணீர் நின்ற பிறகும் கத்தும்.

சத்துவாச்சாரி ரேடியோ மெக்கானிக்:
அதனால்தான் கம்பியே வைக்கவில்லை, சார். குழாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் சின்ன மிதவை ஸ்விட்ச், கிண்ணத்தின் அடியில் ஒரு துளை. தண்ணீர் விழும் வேகம் துளையில் வழிவதைவிட அதிகம் என்றால் மிதவை எழும்பும். முதலில் வெறும் காற்று சீறினால் மணி அடிக்காது. தண்ணீர் நின்றால் கிண்ணம் தானாகக் காலியாகும். துளையின் அளவுதான் பாடாய்ப் படுத்தியது. பெரிதாக இருந்தால், நூலாக ஒழுகும் தெருக்களில் மிதவை எழும்பவே இல்லை.

மோட்டார் கடைக்காரர், வேலூர்:
யோசனை நல்லது. ஆனால் சின்னத் துளையை உப்பு அடைக்கும். தண்ணீர் நின்றும் மணி நிற்கவில்லை என்றால் துளை அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஊசியால் குத்திவிடச் சொல்லுங்கள். இதை விற்கும்போதே சொல்லாவிட்டால் பெட்டி கெட்டுவிட்டது என்று உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

காந்தி நகர் ஓய்வுபெற்றவர்:
எங்கள் தெருவில் இது விலைபோகாது. தண்ணீர் திறந்துவிடுபவரின் எண் எல்லோரிடமும் இருக்கிறது. திறந்ததும் ஒருவருக்குச் சொல்வார், அவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். பொங்கலுக்குத் தண்ணீர் திறப்பவருக்கு ஏதாவது கொடுப்போம்.

சத்துவாச்சாரி ரேடியோ மெக்கானிக்:
என் உண்மையான போட்டி அவர்தான், சார். அப்படி ஓர் ஆள் இருக்கும் தெருவுக்கு நான் போவதே இல்லை. அவர் மாற்றலாகிப் போனால் மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

பெங்களூரில் இருக்கும் குடியாத்தத்துக்காரி:
அம்மா அங்கே தனியாக இருக்கிறார். ராத்திரியில் மாடிப்படி ஏறி இறங்குகிறார் என்பதுதான் என் கவலை. தூங்காத தூக்கத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள் என்கிறீர்கள், நான் தருவேன். ஆனால் அம்மா மணிச் சத்தத்தில் எழுந்து திரும்பவும் படி இறங்கத்தானே வேண்டும்? குழாயைத் தானே திறந்து மூடும்படி செய்ய முடியுமா?

மோட்டார் கடைக்காரர், வேலூர்:
சம்ப்பில் மிதவை வால்வு போட்டுவிட்டுக் குழாயைத் திறந்தே வைத்தால் போதுமே, அம்மா. நிரம்பியதும் அதுவே மூடிக்கொள்ளும். பெட்டியே வேண்டாம்.

பெங்களூரில் இருக்கும் குடியாத்தத்துக்காரி:
போட்டிருக்கிறோம். தண்ணீர் முதலில் கலங்கலாக வருகிறது, அது சம்ப்பில் இறங்கிவிடக் கூடாது என்று அம்மா குழாயை மூடியே வைக்கிறார். கொஞ்ச நேரம் வெளியே விட்டு, தெளிந்த பிறகுதான் திருப்புவார்.

சத்துவாச்சாரி ரேடியோ மெக்கானிக்:
இது என் நோட்டில் இல்லை. உங்கள் தெருவில் வேறு யாரெல்லாம் அப்படிக் கலங்கலை வெளியே விடுகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?