உத்யம் பதிவில் தொழில் வகை, உரிமை வகை: எங்கே இடறுகிறது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

ஊசிநூல்:
ரெடிமேடும் தையலும் சேர்ந்த கடை. முன்பக்கம் வாங்கி விற்கும் நைட்டி, சுடிதார். பின்பக்கம் மூன்று மெஷின். ஜாக்கெட், பள்ளிச் சீருடை தைக்கிறோம். அண்ணனும் நானும் பாதிப் பாதி பணம் போட்டோம். வாடகை ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் அண்ணன் பெயரில் இருக்கின்றன. சிறுதொழில்களைப் பதியும் அரசின் உத்யம் தளத்தில் Partnership தேர்ந்தெடுத்து அண்ணன் பான் எண்ணைக் கொடுத்தால் ஏற்க மாட்டேன் என்கிறது. தொழில் வகை எண்கள் உள்ள NIC பட்டியலைத் திறந்தால் தலை சுற்றுகிறது. இந்த இரண்டு இடத்திலும் நீங்கள் என்ன போட்டீர்கள், பிறகு என்ன ஆனது?

கணக்குப்பிள்ளை:
அண்ணன் பான் எண்ணில் நான்காவது எழுத்தைப் பாருங்கள் தம்பி. P என்று இருக்கும், அதாவது தனிமனிதர். பார்ட்னர்ஷிப் என்றால் நிறுவனத்துக்கே தனி பான் வேண்டும், அதில் நான்காவது எழுத்து F. இரண்டு பேர் பணம் போட்டதால் மட்டும் அந்தப் பான் வந்துவிடாது. முத்திரைத்தாளில் கூட்டு ஒப்பந்தம் எழுதி, அதை வைத்து நிறுவனத்தின் பெயரில் பான் வாங்கி, அதே பெயரில் வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் உத்யம். அப்போது நிர்வாகப் பங்குதாரரின் ஆதாரைக் கொடுக்க வேண்டும். இன்று உங்கள் கையில் உள்ள காகிதங்களை வைத்துப் பார்த்தால் அது அண்ணனின் கடை, அதாவது Proprietary.

மளிகை மாமா:
ஏம்ப்பா இவ்வளவு சுற்று? அண்ணன் தம்பி கூட்டுக் குடும்பம்தானே, Hindu Undivided Family என்று பட்டியலிலேயே இருக்கிறது, அதைப் போடு. இன்னொன்று, வாங்கி விற்கும் கடைக்கு உத்யமே கிடையாது, 2017-லேயே எடுத்துவிட்டார்கள். ஜிஎஸ்டி இல்லாமல் நம்பரும் வராது.

கணக்குப்பிள்ளை:
மாமா சொன்னதில் 2017 சரி. ஆனால் 2021 ஜூலை 2-ஆம் தேதி உத்தரவில் சில்லறை, மொத்த வியாபாரம் இரண்டையும் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். ஒரு கட்டுப்பாடு உண்டு: வியாபாரிக்குக் கிடைப்பது வங்கிகள் முன்னுரிமை தந்து கடன் கொடுக்கும் பிரிவில் இடம் மட்டுமே. ஜிஎஸ்டி சட்டப்படி பதிவு தேவைப்படாத கடை, ஜிஎஸ்டி எண் இல்லாமலே உத்யம் வாங்கலாம். கூட்டுக் குடும்பத்துக்கும் தனி பான் வேண்டும், நான்காவது எழுத்து H, குடும்பத் தலைவரான கர்த்தாவின் ஆதார். ஒரே வீட்டில் சாப்பிடுவதால் கடை கூட்டுக் குடும்பச் சொத்தாகிவிடாது.

இ-சேவை அக்கா:
உரிமை வகை சரியாக இருந்தும் அதே திரையில் நின்றுபோவதை அடிக்கடி பார்க்கிறேன். காரணம் நம் ஊர் இனிஷியல்தான். ஆதாரில் "மு. இன்னார்" என்று இருக்கும், பானில் அந்த "மு" அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். ஆதார் கட்டத்தில் ஆதாரில் உள்ளபடி, பான் கட்டத்தில் பானில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். அதற்கும் ஏற்காவிட்டால் இரண்டில் ஒன்றைத் திருத்திக்கொண்டு வருவதுதான் வழி. அவசரத்தில் வேறு உரிமை வகையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள்.

தொழில் வகைக்கு வருகிறேன். Major Activity என்ற இடத்தில் Manufacturing அல்லது Services கேட்கும். Services என்றால் அதற்குள் Trading, Non-Trading என்று பிரியும். பிறகு NIC எண். இரண்டு இலக்கத்தில் பெரிய பிரிவு, நான்கில் உட்பிரிவு, ஐந்தில் உங்கள் வேலை. தேடல் கட்டத்தில் "shop" என்று அடித்தால் உபயோகமில்லை, அந்தப் பட்டியல் கடையின் பெயரைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைத்தான் பார்க்கிறது. "tailoring" என்று அடியுங்கள், 14105 வரும். அது உற்பத்திப் பிரிவில் இருக்கிறது. தையலைச் சேவை என்று நினைத்து Services-க்குள் தேடுகிறவர்களுக்குக் கிடைக்காமல் போவது அதனால்தான். ரெடிமேட் விற்பனைக்கு 47711. ஒன்றைப் போட்டதும் Add Activity அழுத்தி அடுத்ததையும் சேருங்கள். ஒரு பானுக்கு ஒரே உத்யம்தான், அதற்குள் எத்தனை வேலை வேண்டுமானாலும் சேர்க்கலாம். தையலுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று இரண்டு பதிவு போட முயலாதீர்கள்.

மொபைல் பட்டறை:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் பொருந்தும். கவர், சார்ஜர் விற்பனை, கூடவே ரிப்பேர். பதிவு செய்தவர் விற்பனையை மட்டும் போட்டுவிட்டார். ஒரு நிறுவனத்துக்கு மாதக் கணக்கில் போன் பழுது பார்த்துக் கொடுத்தேன், பில் மாதக்கணக்கில் நின்றது. தாமதப் பணத்துக்கு மனு போடப் போனபோதுதான் தெரிந்தது, சான்றிதழ்படி நான் வெறும் வியாபாரி. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின் 45 நாள் கெடு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி எதுவும் வியாபாரிக்கு இல்லை. பழுது பார்ப்பை, 95120, பிறகு சேர்த்துக்கொண்டேன். பழைய பில்லுக்கு அது உதவுமா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

ஊசிநூல்:
பள்ளிக்கூடம்தான் எங்களிடமும் இழுத்தடிக்கும். போன வருடக் கணக்கு சொல்கிறேன்: ரெடிமேட் விற்பனை சுமார் 14 லட்சம், தையலும் சீருடையும் 6 லட்சம். Major Activity எது?

கணக்குப்பிள்ளை:
14 லட்சம் எங்கே வந்ததோ அதுதான் பிரதானம், அதாவது Trading. 14105-ஐயும் கூடவே சேருங்கள். சீருடையை நீங்கள் துணி வாங்கி அளவு வாரியாக மொத்தமாகத் தைத்துக் கொடுத்தால் அது ஆடை உற்பத்தி, 14101. பிள்ளைகளை அளவெடுத்துத் தைத்தால் 14105.

மொபைல் பட்டறை:
நான் ஒப்பமாட்டேன் சார். மேலே Trading என்று இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வரியையே காட்டுவார். சீருடைதான் பணம் நிற்கிற இடம், Manufacturing என்றே போடட்டும்.

இ-சேவை அக்கா:
முதலீடும் விற்றுமுதலும் வருமானவரி, ஜிஎஸ்டி கணக்கிலிருந்து சரிபார்க்கப்படும், ஆனால் எந்த வேலை பெரியது என்பதை நீங்களே அறிவிக்கிறீர்கள். கணக்குப் புத்தகம் ஒன்று சொல்ல, பதிவு இன்னொன்று சொன்னால் வங்கியில் கேள்வி வரும். என் பழக்கம்: பிரதானத்தை உள்ளபடி போடுவது, சீருடைக்குத் தனி பில் புத்தகம் வைத்து, பில்லில் "தைத்து வழங்கியது" என்று எழுதச் சொல்வது. வாங்கிய நைட்டியும் தைத்த சீருடையும் ஒரே பில்லில் வந்தால் பிறகு பிரிக்க முடியாது.

மளிகை மாமா:
சரி, என் மளிகைக்கு 47110 போட்டுவிட்டேன். வாசலில் மாவு மெஷின் இருக்கிறதே, அதுவும் சேர்க்கணுமா?

இ-சேவை அக்கா:
மாவு அரைப்பதற்கு 10611, மாமா. அதையும் Add Activity-யில் போட்டுவிடுங்கள். தளத்தில் கட்டணம் கிடையாது, முகவரி udyamregistration.gov.in தவிர வேறு எங்கேயாவது பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

ஊசிநூல்:
அப்படியானால் இப்போது அண்ணன் பெயரில் Proprietary போட்டு, பிறகு பார்ட்னர்ஷிப்பாக மாற்றினால்?

கணக்குப்பிள்ளை:
பான் மாறுகிறது, ஆகவே அது வேறு நிறுவனம். இந்த எண்ணை ரத்து செய்துவிட்டு நிறுவனத்தின் பானில் புதிதாகப் பதிய வேண்டும். இதற்கிடையில் இந்த எண்ணை வைத்து அண்ணன் கடன் வாங்கியிருந்தால் வங்கியிலும் முதலிலிருந்து பேச வேண்டும். ஆறு மாதத்துக்குள் கூட்டு ஒப்பந்தம் எழுதும் எண்ணம் இருந்தால் இப்போதே எழுதிவிட்டுப் பதியுங்கள். இல்லையென்றால் உங்கள் பாதிப் பணத்தை அண்ணனுக்குக் கொடுத்த கடனாக ஒரு காகிதத்தில் எழுதி, வங்கி வழியாகப் போனதற்கான ஆதாரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். உத்யம் சான்றிதழில் உங்கள் பெயர் எங்கும் வராது.

ஊசிநூல்:
அண்ணனிடம் பேசிவிட்டு வருகிறேன். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் பள்ளிக்கூடத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்கிறார்களே, அது உண்மையா?

கணக்குப்பிள்ளை:
உண்மை. 1932 கூட்டாண்மைச் சட்டம், 69-ஆம் பிரிவு. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதியாத நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குத் தொடர முடியாது. உங்களுக்குப் பள்ளிக்கூடம் பாக்கி வைக்கிறது என்பதால், மாவட்டப் பதிவாளரிடம் நிறுவனத்தையும் பதிந்துவிடுங்கள்.