மாவுப்பூச்சிக் குளவியைக் கூட்டத்தில் காட்டுவது: பார்த்தவர்கள், பேசியவர்கள் எழுதுங்கள்

ஆத்தூர் களப்பணி

பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் குச்சிக்கிழங்கு விவசாயிகள் கூட்டம் ஒன்று இன்னும் மனதை அரிக்கிறது. மாவுப்பூச்சி 2020-ல் வந்த கதையும், அதைக் கொல்ல ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து கொண்டுவந்த குளவியை 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்ட கதையும் உங்களுக்குத் தெரியும். அதை விடுகிறேன்.

பேச வந்தவர் ஸ்லைடு முழுக்க எழுத்தாகப் போடக்கூடாது, படம்தான் என்று முடிவு செய்து பெரிய ஃபிளெக்ஸ் அடித்திருந்தார். அதில் குளவி ஒரு முழ நீளம். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "இத்தாம் பெருசு கொட்டுனா புள்ளைங்க தாங்குமா? எங்க காட்டுல வேண்டாம் சாமி" என்றார். இது மனுசரைக் கொட்டாது என்று பேச வந்தவர் எவ்வளவோ சொன்னார். படம் சொன்னதுதான் நின்றது. அன்றைக்குக் குளவி வேண்டும் என்று ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

நான் போகிற கூட்டங்களில் இப்போது ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு கேழ்வரகு மணியை வைக்கிறேன். அதுதான் குளவியின் அளவு. அதைப் பார்த்த பிறகே படம். பயம் அங்கேயே போய்விடுகிறது. ஆனால் உடனே அடுத்த கேள்வி வருகிறது: "இத்துணூண்டு என்னத்தைக் கொல்லும்?" இதற்கு நீங்கள் என்ன காட்டுகிறீர்கள்?

மல்லியகரைக்காரன்

கேழ்வரகு எல்லாம் சரி, நாற்பது பேர் உட்கார்ந்திருந்தால் பின்வரிசைக்கு என்ன தெரியும்? படம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். ஃபிளெக்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை. எங்கள் ஊரில் நடந்த கூட்டத்தில் படம் சின்னதாக இருந்து, பாதிப் பேர் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

இன்னொன்று, விஷயத்தை இழுக்காமல் மூன்று படத்தில் முடிக்கலாம். குளவி விட்டாச்சு, இனி மருந்தே வேண்டாம். சுருண்ட நுனியைக் கிள்ளு. கிள்ளியதைக் கொளுத்து. இதற்கு மேல் விவசாயிக்கு எதற்கு?

சேர்வராயன் மலை

நான் காபிக்காரன். எங்களுக்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பான்தான் எமன், அராபிகா செடியைத்தான் தேடிப் பிடிக்கும். இதற்கும் ஒரு கூட்டம் நடந்தது, ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில். கரண்ட் இல்லை, புரொஜெக்டர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பேச வந்த அதிகாரி அதைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லோரையும் தோட்டத்துக்குள் கூட்டிப்போனார். இலை மஞ்சளாகி வாடின ஒரு செடியை வெட்டி, அரிவாளால் நெடுக்காகப் பிளந்தார். உள்ளே மரத்தூள் அடைத்த பாதை, அதன் முடிவில் வெள்ளைப் புழு. பிறகு நன்றாக இருக்கிற ஒரு செடியைக் காட்டி, "இதைத் தடவிப் பாருங்க, வழவழன்னு இருக்கும்" என்றார்.

ஒரு பெரியவர் குனிந்து தடவினார். கையை எடுக்கவில்லை. "இங்க மேடா ஓடுதுங்களே" என்றார். பட்டைக்கு அடியில் புழு போன இடம் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும், அதைத்தான் விரல் கண்டுபிடித்தது. வெட்டிப் பார்த்தால் புழு இருந்தது! இலையில் ஒரு வாட்டமும் இல்லாத செடி அது. அன்று மாலை வரை ஆளாளுக்குத் தங்கள் செடியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எந்தப் படத்தால் இது முடியும்?

பூச்சி படித்தவள்

மல்லியகரை அண்ணா, பின்வரிசைக்குத் தெரிய வேண்டும் என்பது சரிதான். பெரிய படம் வைத்துக்கொள்ளுங்கள், அதே படத்தின் மூலையில் ஒரு விரல் நுனியில் குளவி உட்கார்ந்திருக்கிற நிஜ அளவையும் போடுங்கள். ஆனால் உங்கள் மூன்று படத்தில் முதலும் மூன்றாவதும் ஒன்றையொன்று அடிக்கின்றன. குளவி மாவுப்பூச்சிக்கு உள்ளேதான் முட்டை வைக்கும். அந்தப் பூச்சி பழுப்பாகி, உப்பி, கெட்டியான கூடாகிவிடும். அடுத்த தலைமுறைக் குளவி அதற்குள்தான் இருக்கிறது. குளவி விட்ட காட்டில் நுனியைக் கிள்ளிக் கொளுத்தினால் அதையும் சேர்த்துத்தான் கொளுத்துகிறோம்.

ஆத்தூர் கேட்ட கேள்விக்கு என் பதில் ஒரு செருப்பு அட்டைப்பெட்டி. ஒரு பக்கத்தில் ஓட்டை போட்டு, சின்னக் கண்ணாடிக் குழாயைச் செருகி, மற்ற இடுக்கையெல்லாம் டேப் ஒட்டி வெளிச்சம் புகாமல் அடைத்துவிடுவேன். பழுப்புக் கூடு இருக்கிற நுனிகளைக் கூட்டத்துக்கு முன்பே அந்த ஊர்க் காட்டிலேயே பறித்து உள்ளே போடுவேன். வெளியே வருகிற குளவி வெளிச்சத்தைத் தேடிக் குழாய்க்குள் வந்து சேரும். என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது, அதனால் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு வேறு வேறு பெட்டி கட்டிவைக்க வேண்டும். ஒன்றாவது கூட்டத்தன்றைக்குக் கைகொடுக்கும்.

குழாயைக் கைமாற்றி அனுப்பும்போது யாரும் பேச மாட்டார்கள், கறுப்புப் புள்ளி ஓடுவதையே பார்ப்பார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு நுனியும் குண்டூசியும் கொடுப்பேன். உயிருள்ள மாவுப்பூச்சியைக் குத்தினால் பிசுபிசுவென்று நசுங்கும். கூடு சருகு மாதிரி உடையும், குளவி போய்விட்ட கூட்டில் வட்டமான ஓட்டை இருக்கும். "எத்தனை நசுங்குச்சு, எத்தனை உடைஞ்சுச்சு" என்று அவர்களே எண்ணிச் சொல்வார்கள். உடைவது அதிகமென்றால் மருந்தடிக்கிற கையை நிறுத்தலாம். நசுங்குவதே அதிகமென்றால் குளவி இன்னும் பெருகவில்லை.

மருந்தே வேண்டாம் என்று மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடாதீர்கள். இந்தக் குளவி அந்த மாவுப்பூச்சிக்கு மட்டும்தான். செம்பேனுக்கும் வெள்ளை ஈக்கும் அது ஒன்றும் செய்யாது.

கங்கவல்லி ரமேஷ் அப்பா

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். படம் எடுக்கிறவர்கள் இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரு கூட்டத்தில் வேறு நாட்டுக் காட்டின் படத்தைப் போட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, "அது நம்ம முள்ளுவாடி ரகம் இல்லீங்க, நமக்கு வராது" என்று சொல்லி முடித்துவிட்டார். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆகவே அந்த ஊர்க் காட்டில், அங்கே நட்டிருக்கிற ரகத்தில் எடுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் எடுத்தால் இலை வெளிறித் தெரியாது. முதலில் காடு முழுதும் தெரிகிற படம், அப்புறம் ஒரு செடி, அப்புறம் கொண்டை மாதிரி சுருண்ட நுனி, கடைசியில்தான் பூச்சி. நேரே பூச்சியிலிருந்து ஆரம்பித்தால் அது எங்கே இருக்கிறதென்று பார்க்கிறவருக்குப் பிடிபடாது. தேமல் வந்த செடியையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், பாதிப் பேர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். தப்பு என்பதற்குப் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போடாதீர்கள், கீழே இருப்பதை மறைத்துவிடும். கிழங்கு வெட்டு நடக்கிற நாளில் கூட்டம் வைக்காதீர்கள், லாரி வந்துவிட்டால் யாரும் உட்கார மாட்டார்கள். மைக் வேண்டாம், இருபது பேருக்கு மேல் ஒரு செடியைச் சுற்றி நிற்க முடியாது, கூட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்.

மல்லியகரைக்காரன்

சரி தங்கச்சி, கொளுத்தக்கூடாது என்கிறீர்கள். கிள்ளின நுனியை வரப்பில் போட்டால் மாவுப்பூச்சி ஊர்ந்து திரும்ப ஏறாதா? வலை கட்டின டிரம்மில் போட்டால் குளவி மட்டும் வெளியே போகுமா?

பூச்சி படித்தவள்

போகாது. மாவுப்பூச்சிக் குஞ்சு குளவியை விடச் சின்னது, குளவி நுழைகிற வலையில் குஞ்சும் நுழையும். குளவி இன்னும் விடாத காடு, பழுப்புக் கூடே இல்லை என்றால் நீங்கள் சொன்னபடி கொளுத்துவதுதான் நல்லது. கூடு இருந்தால், அதிகமாக இருக்கிற நுனிகளை மட்டும் பெட்டியில் போட்டுக் குளவியைக் குழாயில் பிடித்துக் காட்டில் திறந்துவிடலாம். ஏக்கர் கணக்கில் கிள்ளுகிறவர்கள் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை.

ஆத்தூர் களப்பணி

பெட்டி செய்து பார்க்கிறேன் அக்கா. குழாயில் வருவதெல்லாம் நம் குளவிதானா? இன்னொரு சின்னப் பூச்சியும் கலந்து வருவதாக ஏத்தாப்பூர் பக்கத்து விவசாயி ஒருவர் சொன்னார்.

பூச்சி படித்தவள்

வரும். குளவிக்குள்ளேயே முட்டை வைக்கிற வேறு குளவிகளும் உண்டு. அதனால் குழாயைக் காட்டில் திறப்பதற்கு முன் ஒருமுறை லென்ஸ் வைத்துப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.