நைட் ஷிப்ட் முடித்தவர்களிடம் பயிற்சியாளரை எப்படி அறிமுகம் செய்வது?

வணக்கம். பிரஸ் லைனுக்கு மாறிவரும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு, நைட் ஷிப்ட் முடிந்த கையோடு பாதுகாப்புப் பயிற்சி. பாதிப் பேருக்குக் கண் சொருகுகிறது. மீதிப் பேர், "ரெண்டு கை பட்டன்ல ஒன்னை டேப் ஒட்டி அமுக்கச் சொன்னதே சூப்பர்வைசர்தானே" என்கிறார்கள். நியாயம்தான், பழைய பிரஸ், டேப் ஒட்டினாலும் ஓடும்.

பயிற்சியாளர் பல வருடம் டை செட்டராக இருந்தவர். பயோடேட்டாவில் இருக்கும் சான்றிதழ்களை வாசித்தால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அதனால் இவ்வளவுதான் சொல்லப்போகிறேன்: "இவர் டை செட்டர். பவரை ஆஃப் செய்து, ரேமுக்கு அடியில் சேஃப்டி பிளாக் வைக்காமல் உள்ளே கை விடமாட்டார். ஏன் என்று மிஷினிலேயே காட்டுவார். டேப் விஷயத்தையும் இவரிடமே கேளுங்கள்."

கடைசி வரியை சூப்பர்வைசர் இருக்கும்போதே சொல்லலாமா? இல்லை, அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவதா? இப்படி நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.