பக்கத்து நிலையத்தை விட்டுத் தொலைவில் இருந்த நிலையத்துக்கு ஏன் நடக்க வைத்தார்கள்?

செங்காந்தள்

இங்குள்ள பலரும் நாள்தோறும் மெட்ரோவில் போய்வருபவர்கள் என்பதால் முன்கதையைச் சுருக்கிக்கொள்கிறேன். ஆறு பெட்டி ரயில், மாலை நேரக் கூட்டம், நான் மூன்றாவது பெட்டியில் நின்றிருந்தேன். நிலையத்தை விட்டுக் கிளம்பிச் சிறிது தூரம் சென்றதும் சுரங்கத்துக்குள் வண்டி நின்றுவிட்டது. பின்பக்கத்திலிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது. ஐந்தாவது பெட்டிக்கு அடியில் இருந்த மின்சாதனப் பெட்டி எரிந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பணியாளர் ஒருவர் பின்னாலிருந்து வந்து, கடைசி இரண்டு பெட்டிகளில் இருந்த எல்லோரையும் வண்டிக்குள்ளாகவே முன்னால் நகர்த்திக்கொண்டு வந்தார். கதவு உடனே திறக்கப்படவில்லை. திறந்தபோது, சுவரை ஒட்டிய ஒடுக்கமான நடைபாதையில் இறங்கி முன்னோக்கி நடக்கச் சொன்னார்கள். பின்னால் இருந்த நிலையம் 250 மீட்டர்தான். முன்னால் இருந்ததோ ஏறக்குறைய 900 மீட்டர். அந்த வழித்தடத்தை நன்கு அறிந்த ஒருவர் இதைச் சுட்டிக்காட்டிப் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். பணியாளர் அவருடைய கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் முன்பக்கத்திலிருந்து காற்று திடீரென்று முகத்தில் மோதியது. கூரையை ஒட்டி எங்களை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்த புகை ஓரிடத்தில் தயங்கி நின்று, பிறகு வந்த வழியே திரும்பிச் சென்றது.

எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆயினும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. 250 மீட்டர் என்பது நான்கு நிமிட நடை. அந்த மனிதரைப் போக விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

கீர்த்தனா_ப

உங்களுடையது சுரங்கம், என்னுடையது நடைமேடை. நாங்கள் இறங்க வேண்டிய நிலையத்தில் எங்கள் வண்டி நிற்காமலே கடந்து போயிற்று. நடைமேடையில் இலேசாகப் புகை தெரிந்தது. அங்கிருந்தவர்கள் கையசைத்தார்கள், ஒரு பெண் தடுப்புக் கதவின் கண்ணாடியைத் தட்டினார். அவர்களை ஏற்றிக்கொள்ளாமல் போனது மனிதத்தன்மையே இல்லாத செயல் என்று அன்று வண்டிக்குள் எல்லோரும் கொதித்தோம். இன்று வரை எனக்கு அந்தக் கோபம் முழுவதும் அடங்கவில்லை.

வேல்முருகு

செங்காந்தள் அவர்களே, விடை எளிது. சுரங்கத்தில் தீ என்றால் காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கே நடக்க வேண்டும், அவ்வளவுதான். யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இன்னொன்றையும் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புகை மேலேதான் போகும், ஆகவே நடைமேடையில் புகை சூழ்ந்தால் தரையோடு படுத்துவிட வேண்டும். கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ள வேண்டும். பையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் சிறிய கைவிளக்கும் இருக்க வேண்டும். செருப்பைவிடக் காலணி நல்லது. முதல் பெட்டியிலோ கடைசிப் பெட்டியிலோ ஏறாமல் நடுப்பெட்டியில் ஏறுவது நல்லது. ஏறியவுடன் கதவைக் கையால் திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். நான் இவற்றையெல்லாம் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறேன். எனக்கு இதுவரை எந்த அசம்பாவிதமும் நேரவில்லை.

இரவுமுறை

சுரங்கக் காற்றோட்டக் கட்டுப்பாட்டு மேசையில் இரவுப் பணியில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். செங்காந்தள் சொன்னதையே எடுத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு நிலையத்தின் இரு முனைகளிலும் பெரிய விசிறிகள் இருக்கின்றன. அவை இரு திசையிலும் சுழலக் கூடியவை. சுரங்கத்தில் வண்டி எரிந்தால் ஒரு பக்கத்து நிலையம் காற்றைத் தள்ளும், மறு பக்கத்து நிலையம் உறிஞ்சும். இதனால் புகை முழுவதும் ஒரே பக்கமாகப் போய்விடும், மற்றப் பக்கம் மூச்சுவிடத்தக்கதாக இருக்கும். இரு பக்கத்தையும் ஒருசேரக் காப்பாற்றும் வழி அந்தக் குழாய்க்குள் கிடையாது. எந்தப் பக்கத்தைப் பலி கொடுப்பது என்பதுதான் எங்கள் முதல் முடிவு. தீ ஐந்தாவது பெட்டியில், மக்களில் பெரும்பாலோர் முதல் நான்கு பெட்டிகளில். ஆகவே முன்னால் இருந்த நிலையத்திலிருந்து காற்றைத் தள்ளிப் பின்னால் இருந்த நிலையத்தின் வழியே புகையை உறிஞ்சி வெளியேற்றியிருக்கிறார்கள். நிலையம் எவ்வளவு தூரம் என்பது இந்தக் கணக்கில் கடைசியாகத்தான் வரும்.

உங்கள் நண்பர் பின்னால் நடந்திருந்தால்? புகையைக் காற்றுக்கு எதிராக முன்னேற விடாமல் தடுக்க, காற்று ஏறக்குறைய நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் வேகத்தில் வீச வேண்டும். 2.5 மீட்டர் என்று வையுங்கள். அந்த 250 மீட்டரைப் புகை 100 நொடியில் கடந்துவிடும். ஒடுக்கமான நடைபாதையில், மங்கிய வெளிச்சத்தில், மனிதர் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தாலே பெரிது. அவருக்கு நான்கு நிமிடத்துக்கும் மேல் ஆகும். பாதி வழி போவதற்குள் புகை அவரைப் பிடித்திருக்கும். அதுவும் விசிறி கலக்கிய புகை. கூரையோடு ஒட்டி நிற்காது, சுரங்கம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு வரும்.

கதவு தாமதமாகத் திறந்ததற்கும் காரணம் உண்டு. தண்டவாளத்துக்கு அருகில் மின்சாரம் ஓடும் தடங்களில் அதைத் துண்டித்து உறுதிசெய்யாமல் மக்களை இறக்கினால் தீயைவிட அது முன்னதாகக் கொல்லும். மற்ற வண்டிகளையும் நிறுத்த வேண்டும். ஓடும் வண்டி தனக்கு முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டே வருவதால், விசிறிகள் அமைத்த காற்றோட்டத்தை அது குலைத்துவிடும்.

வேல்முருகு ஐயாவுக்கு ஒரு வார்த்தை. காற்றை எதிர்த்து நடப்பது விசிறிகள் ஓடத் தொடங்கிய பிறகு சரி. அதற்கு முன் நீங்கள் உணரும் காற்று, சற்று முன் போன வண்டி விட்டுச்சென்றதாகவோ சுரங்கத்தின் சரிவால் எழுந்ததாகவோ இருக்கலாம். விசிறிகள் முழு வேகம் பிடிக்க நேரம் பிடிக்கும். பிடித்ததும் காற்று நேர் எதிராகத் திரும்பவும் கூடும். செங்காந்தள் பார்த்தது அந்தத் தருணத்தைத்தான். நடைமேடையில் படுப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். குனிந்து நகருங்கள், படுக்காதீர்கள். ஆழத்தில் உள்ள நிலையத்தில் நீங்கள் வெளியேறும் படிக்கட்டு வழியாகத்தான் புகையும் வெளியேறும். புகை உங்களுக்கு முன்னால் மேலே ஏறினால் அங்கேயே அடைந்துபோவீர்கள். அதனால்தான் பணியாளர்கள் ஒரு முனைப் படிக்கட்டை அடைத்து மறு முனைக்கு அனுப்புகிறார்கள். நடைமேடையை 4 நிமிடத்தில் காலிசெய்து, 6 நிமிடத்துக்குள் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும் என்பது அமெரிக்கத் தரநிலையான என்எஃப்பிஏ 130-இன் கணக்கு. படுத்துக் காத்திருக்க அதில் இடமில்லை.

கீர்த்தனா அவர்களே, அந்த வண்டி நின்று கதவைத் திறந்திருந்தால் புகை உள்ளே வந்திருக்கும். மின்சாரம் அந்த நேரத்தில் அறுந்துபோனால் வண்டி அங்கேயே நின்றுவிடும். 2003-இல் தென்கொரியாவின் தேகுவில் நடந்தது அதுதான். எரியும் வண்டி நின்ற நிலையத்துக்குள் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு வண்டி வந்து நின்றது. மின்சாரம் போனது, அதனால் நகர முடியவில்லை. இறந்த 192 பேரில் பெரும்பாலோர் பின்னால் வந்த அந்த வண்டியில் இருந்தவர்கள்.

கீர்த்தனா_ப

காரணம் விளங்குகிறது. ஆனால் தேகுவை நீங்களே எடுத்துவிட்டதால் கேட்கிறேன். அந்த இரண்டாவது வண்டியில் இருந்தவர்களை உள்ளேயே காத்திருக்கும்படி அறிவித்தார்கள் அல்லவா? ஓட்டுநர் கட்டுப்பாட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார், கதவுகள் மூடிக்கொண்டன. சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான் இறந்தார்கள். பணியாளர் சொல்வதைக் கேள் என்று எங்களுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படிக்கட்டு

நான் வேறொரு சிக்கலைச் சொல்ல வேண்டும். என் தாயார் சக்கர நாற்காலியில் செல்பவர். ஒரு முறை நிலையத்தில் தீ எச்சரிக்கை ஒலித்தபோது மின்தூக்கிகளை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் நின்றுபோன நகரும் படிக்கட்டில் ஏறிச் சென்றார்கள். அதன் படிகள் சாதாரணப் படியைவிட உயரம் என்பதால் முதியவர்கள் பாதியில் மூச்சிரைத்து நின்றார்கள். ஒரு பணியாளர் எங்களை நடைமேடையின் கோடியில் இருந்த கதவு பொருத்திய சிறிய அறைக்கு அழைத்துச் சென்று, "இங்கே இருங்கள், உங்களுக்காக ஆள் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு கதவின் இடுக்கை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எச்சரிக்கை பொய்யானது என்று பிறகு தெரிந்தது. உண்மையாக இருந்திருந்தால் அந்த அறை எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்?

வேல்முருகு

படிக்கட்டு அவர்களே, இதற்குத்தான் சொல்கிறேன், கூட்டம் இல்லாத நேரத்தில் பயணம் செய்யுங்கள்.

இரவுமுறை ஐயா, பணியாளர்களும் தவறுவார்கள். 1987-இல் லண்டன் கிங்ஸ் கிராஸில் மரத்தாலான நகரும் படிக்கட்டு எரிந்தபோது, கீழே இருந்தவர்களை வேறொரு படிக்கட்டு வழியாக மேலே பயணச்சீட்டுக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கூடத்தில்தான் தீ ஒரே வீச்சில் பாய்ந்தது. 31 பேர் இறந்தார்கள். என் கைக்குட்டை பரவாயில்லை.

இரவுமுறை

கைக்குட்டை எரிச்சலைக் குறைக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. மற்றபடி கிங்ஸ் கிராஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. சாய்வான அந்தப் பள்ளத்தில் தீ மேல்நோக்கிக் கிளம்பாமல் படிகளை ஒட்டியே படர்ந்து பிறகு பாய்ந்தது. அப்படி நடக்கும் என்று அன்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

பணியாளர் தவறுவதில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் மேசையே தவறும். 2015-இல் வாஷிங்டனில் சுரங்கத்தில் நின்றுவிட்ட வண்டியை நோக்கியே விசிறிகள் புகையை இழுத்தன, ஒருவர் இறந்தார். ஆனால் பயணிக்கு எட்டாத இரண்டு செய்திகள் அங்கிருப்பவருக்கு எட்டுகின்றன: மின்சாரம் துண்டிக்கப்பட்டதா, விசிறி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது. "முன்னால் நடங்கள்" என்று திசையைச் சொல்லி ஒருவர் கூடவே வந்தால் நான் அவர் பின்னால் போவேன். "உட்கார்ந்திருங்கள்" என்று ஒலிபெருக்கி மட்டும் சொல்லி, பெட்டிக்குள் புகை அடர்ந்துகொண்டே வந்து, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் பணியாளர் ஒருவரும் இல்லையென்றால், அது வேறு நிலைமை. அப்போது நடைமேடை கண்ணுக்குத் தெரிந்தால் கதவின் பிடியை இழுத்து இறங்குவேன். சுரங்கத்துக்குள் என்றால் முதலில் அவசரப் பொத்தானில் ஓட்டுநரிடம் பேசிப் பார்ப்பேன், புகையில்லாத பெட்டிக்கு நகர்வேன். இது என் சொந்த எண்ணம், எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

படிக்கட்டு அவர்களே, அத்தகைய அறைகளுக்கு வெளியிலிருந்து தூய காற்றைச் செலுத்தி உள்ளே அழுத்தத்தைச் சற்று கூடுதலாக வைப்பார்கள். கதவு இடுக்கில் புகை நுழையாமல் இருப்பது அதனால்தான். இடுக்கில் கைவைத்துப் பார்த்தால் காற்று உள்ளிருந்து வெளியே போவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அங்குள்ள பேசியில் உடனே சொல்லுங்கள். எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மாறும்.

செங்காந்தள்

அந்த 100 நொடிக் கணக்கைப் படித்த பிறகு அந்த மனிதரைப் பற்றிய கேள்வி தீர்ந்தது. ஆனால் அதே கணக்கு இன்னொன்றைக் கிளப்பிவிட்டது. கடைசிப் பெட்டிக்காரர்களைத் தீப்பிடித்த பெட்டியின் வழியாகவே முன்னால் கொண்டுவர முடிந்தது. புகை அப்போது பெட்டிக்குள் ஏறியிருக்கவில்லை. ஏறியிருந்தால் அவர்கள் பின்பக்கமே சிக்கியிருப்பார்கள், நாங்களோ நூற்றுக்கணக்கானோர் முன்பக்கம். அப்போது விசிறியை எந்தப் பக்கம் திருப்புவீர்கள்?

இரவுமுறை

பின்பக்கம் பக்கத்துச் சுரங்கத்துக்குச் செல்லும் குறுக்குப்பாதை அருகில் இருந்தால் முதலில் அவர்களை அதற்குள் அனுப்பச் சொல்வோம், அதுவரை விசிறியைத் தொடமாட்டோம். அப்படிக் காத்திருக்கும்போது முன்பக்கமும் புகை பரவும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இருந்ததில்லை. ஒத்திகை முடிந்து கூடிப் பேசும்போதெல்லாம் சண்டை வந்திருக்கிறது. என்னோடு பணியாற்றிய ஒருவர் உடனே திருப்ப வேண்டும் என்பார். நான் கொஞ்சம் பொறுக்கலாம் என்ற கட்சி.